தினம் ஒரு கிளாஸ் ரெட் ஒயின்: இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு ஏன் தளர்ந்தது?

கேள்வி: "எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். அப்பாவுக்கு 61 வயசு. போன வருஷம் ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க, பிரஷரும் சுகரும் இருக்கு. குடிப் பழக்கம் கிடையாது. கனடாவில் இருந்து வந்த சித்தப்பா, தினம் ராத்திரி ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்லி ரெண்டு பாட்டில் வெச்சுட்டுப் போயிருக்கார். முன்னாடி டாக்டர்களே இப்படிச் சொன்னாங்களே, இப்ப ஏன் மாத்திப் பேசுறாங்க? கிறிஸ்மஸுக்கு வீட்டில் போடுற ஒயினாவது குடுக்கலாமா?"

உங்கள் அப்பாவுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரம்பிக்க வேண்டாம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இடம் வேண்டும். உங்கள் சித்தப்பா சொன்னது அவராகக் கட்டிவிட்ட கதை கிடையாது. பெரிய மருத்துவ இதழ்களில் வந்த, நல்ல மருத்துவர்கள் உண்மையாக நம்பிய ஒரு கருத்து அது. நான் நாகர்கோவில் பக்கம் பொது மருத்துவராக இருக்கிறேன். அதற்கு முன் சமூக மருத்துவத்தில், அதாவது எந்த நோய் யாருக்கு ஏன் வருகிறது என்று கூட்டம் கூட்டமாக மக்களைக் கணக்கெடுத்துப் பார்க்கும் துறையில், பயிற்சி பெற்றவன். ஒயின் விஷயத்தில் நடந்த மாற்றம் பெரும்பாலும் அந்தத் துறைக்குள் நடந்ததுதான். ஒயினில் புதிதாக ஒரு விஷத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழைய கணக்கை எப்படிப் போட்டோம் என்று திரும்பிப் பார்த்தபோது, அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது.

அந்தப் பழைய கணக்கு இதுதான். 1970கள் முதல் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பேரிடம் "வாரத்துக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பல வருடம் கழித்து யாருக்கு மாரடைப்பு வந்தது என்று பார்த்தார்கள். அதிகம் குடித்தவர்களுக்கு அதிகம் வந்தது, அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கொஞ்சமாகக் குடித்தவர்களுக்கு, குடிக்கவே குடிக்காதவர்களைவிடக் குறைவாக வந்திருந்தது. வரைபடமாகப் போட்டால் இடது ஓரம் சற்று உயர்ந்து, நடுவில் பள்ளமாகி, வலது பக்கம் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பள்ளம்தான் எல்லாருக்கும் நம்பிக்கை கொடுத்தது. அப்புறம் பிரான்ஸ் வந்து சேர்ந்தது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதய நோய் மரணம் குறைவாக இருக்கிறதே, காரணம் ஒயினாக இருக்குமோ என்று 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி கேட்டது. அடுத்த வருடம் செர்ஜ் ரெனோ, மிஷெல் டி லொர்ஜெரில் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் அதையே எழுதினார்கள். சித்தப்பா கேட்டது அந்தக் காலத்தின் எதிரொலி. அப்போது படித்த மருத்துவர்கள் சிலர் நோயாளிகளிடமும் சொல்லியிருப்பார்கள்.

இப்போது அந்த வரைபடத்தின் இடது ஓரத்தைக் கவனியுங்கள். "குடிக்காதவர்" என்ற கட்டத்தில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள்? வாழ்நாளில் தொடாதவர்கள் இருப்பார்கள். கூடவே, நேற்று வரை குடித்துவிட்டு உடம்பு கெட்டதால் நிறுத்தியவர்களும் இருப்பார்கள். கேள்வித்தாளில் "இப்போது குடிக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால், இரண்டு பேருமே "இல்லை" என்றுதான் சொல்வார்கள். நம்மூரில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கல்லீரல் வீங்கிவிட்டது, இனி தொட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லி நிறுத்தியவர், நெஞ்சுவலி வந்து பயந்து விட்டவர், சுகர் ஏறியதால் வீட்டில் பிடுங்கி வைத்ததால் விட்டவர் என்று எல்லாரும் இன்று குடிக்காதவர்கள்தான். அவர்கள் உடம்பில் பழைய சேதம் அப்படியே இருக்கிறது. அதே நேரம், அறுபது வயதிலும் நிதானமாகக் கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், குடிக்கும் அளவுக்கு அவர் உடம்பு நன்றாக இருக்கிறது என்றும் பொருள்.

ஏ. ஜி. ஷேப்பர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1988-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். பிரிட்டனின் 24 ஊர்களில் 40 முதல் 59 வயது வரையிலான ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். நோய்கள் சேரச் சேர ஆண்கள் குடிப்பவர் கட்டத்திலிருந்து குடிக்காதவர் கட்டத்துக்கு நகர்கிறார்கள் என்று காட்டினார்கள். ரெட் ஒயின் பேச்சு உச்சத்துக்குப் போவதற்கு முன்பே வந்த எச்சரிக்கை இது. கவனித்தவர்கள் குறைவு.

இந்தக் கலப்பு ஒரு முடிவையே எப்படித் தலைகீழாக்கும் என்பதை எண்களை வைத்துப் பார்ப்பது நல்லது. பின்வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த ஆய்விலும் வந்தவை இல்லை. விளவங்கோடு தாலுகாவில் 50 வயது தாண்டிய 1000 குடிக்காத ஆண்களையும், கொஞ்சமாகக் குடிக்கும் 1000 ஆண்களையும் எடுத்துப் பத்து வருடம் கவனிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்காத 1000 பேரில் 700 பேர் வாழ்நாளில் தொடாதவர்கள், 300 பேர் உடம்பு கெட்டு நிறுத்தியவர்கள். தொடாதவர்களுக்கு ஆயிரத்துக்கு 60 பேர் வீதம் மாரடைப்பு வருகிறது என்றால், 700 பேரில் 42. நிறுத்தியவர்களுக்கு அதைப்போல இரு மடங்கு, ஆயிரத்துக்கு 120 என்றால், 300 பேரில் 36. இரண்டையும் கூட்டினால் "குடிக்காத" ஆயிரம் பேரில் 78. கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு மது லேசாகக் கெடுதல் செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம், ஆயிரத்துக்கு 66. இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 78-க்கு எதிரில் 66. "கொஞ்சம் குடித்தால் மாரடைப்பு 15 சதவீதம் குறைகிறது" என்று செய்தி போடலாம். ஆனால் தொடாதவர்களை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டால் 60-க்கு எதிரில் 66, அதாவது பத்து சதவீதம் கூடுதல். ஆட்கள் அதே ஆட்கள், நோயும் அதே நோய். யாரோடு யாரை ஒப்பிட்டோம் என்பது மட்டும் மாறியது, பள்ளம் மேடாகிவிட்டது.

சரி, நிறுத்தியவர்களை விலக்கிவிட்டு வாழ்நாளில் தொடாதவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதுமே என்று கேட்கலாம். பிற்காலத்தில் அப்படியும் செய்தார்கள், பள்ளம் சுருங்கியது. 2023-ல் டிம் ஸ்டாக்வெல் உள்ளிட்ட குழு 107 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 48 லட்சம் பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. இப்படிப்பட்ட கோளாறுகளைச் சரிக்கட்டிய பிறகு, கொஞ்சமாகக் குடிப்பவர்களின் மொத்த மரண விகிதத்தில் வாழ்நாளில் தொடாதவர்களோடு ஒப்பிடும்போது நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் மிஞ்சவில்லை. அது எல்லாக் காரணங்களாலும் வரும் மரணத்தைப் பற்றிய கணக்கு, மாரடைப்பை மட்டும் பற்றியது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அளவாக ஒயின் குடிப்பவர்கள் யார்? டென்மார்க்கில் 2006-ல் ஒரு குழு சூப்பர் மார்க்கெட் பில்களை எடுத்து, சுமார் 35 லட்சம் பில்களைப் பார்த்தது. ஒயின் வாங்கியவர்கள் கூடவே ஆலிவ், பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பாலாடைக்கட்டி என்று வாங்கியிருந்தார்கள். பீர் வாங்கியவர்களின் கூடையில் தயார் உணவு, சர்க்கரை, சிப்ஸ், குளிர்பானம் அதிகம். அமெரிக்காவில் 2005-ல் திமோதி நைமி குழு, இதய நோயோடு தொடர்புள்ள 30 அம்சங்களை எடுத்துப் பார்த்தது. எடை, உடற்பயிற்சி, வருமானம், மருத்துவ வசதி போன்றவை. அதில் 27 அம்சங்களில் குடிக்காதவர்கள்தான் மோசமான நிலையில் இருந்தார்கள். குடிக்காததால் அவர்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஏழைகள், ஏற்கெனவே நோயாளிகள், மருத்துவ வசதி எட்டாதவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருந்தார்கள்.

நம் மாவட்டத்தில் இதை யோசித்துப் பாருங்கள். தினம் இரவு ஒரு கிளாஸ் ரெட் ஒயினோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் இங்கே யாராக இருப்பார்? வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர், காலையில் நடக்கப் போகிறவர், வருடம் தவறாமல் பரிசோதனை செய்துகொள்பவர், நெஞ்சில் லேசாக வலித்தால் ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரத்துக்கு வண்டி எடுக்க முடிகிறவர். அவரை, வைகறையில் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு, பிரஷர் மாத்திரையை மாதக் கடைசியில் வாங்காமல் விடும் ஒரு குடிக்காத தொழிலாளியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒயின் கணக்கில் எழுதினால் அது நியாயமா? வருமானத்தையும் உணவையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கணிக்கிறோம் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கேள்வித்தாளில் அளக்க முடிந்ததைத்தான் கழிக்க முடியும். அளக்காதது ஒயினின் பெயரில் தங்கிவிடும்.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஒரு நல்ல வழி மரபணுவில் கிடைத்தது. மதுவில் இருக்கும் சாராயம், அதாவது ஆல்கஹால், உடலுக்குள் போனால் கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றும், பிறகு அதையும் உடைத்து வெளியேற்றும். கிழக்கு ஆசியர்களில் கணிசமானவர்களுக்கு இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் நொதி மரபிலேயே பலவீனமாக இருக்கும். குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். அதனால் அவர்கள் இயல்பாகவே குறைவாகக் குடிப்பார்கள். இந்த மரபணு யாருக்கு வாய்க்கிறது என்பது, சீட்டுக் குலுக்கிப் போட்டது போல, கருவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பின்னால் வந்த நோயோ வேலையோ உணவுப் பழக்கமோ அதை மாற்ற முடியாது. அப்படியென்றால் வாயால் சொன்ன கணக்கை விட்டுவிட்டு, மரபணுவின்படி அதிகம் குடிக்கக்கூடியவர்களையும் குறைவாகக் குடிக்கக்கூடியவர்களையும் ஒப்பிடலாம். உடம்பு கெட்டு நிறுத்தியவர் பிரச்சினை இங்கே பெரும்பாலும் வராது.

2019-ல் 'லான்செட்'டில் வந்த சீன ஆய்வு இதைச் செய்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்து வருடம் போலக் கவனித்தார்கள். முதலில் வழக்கம்போல, அவர்களே சொன்ன அளவை வைத்து வரைந்தார்கள். அதே பழைய பள்ளம் வந்தது. வாரத்துக்கு 100 கிராம் சாராயம் போலக் குடித்தவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் குறைவு என்று தெரிந்தது. பிறகு அவர்களில் ஒரு பகுதியினரை மரபணுவை வைத்துப் பிரித்தார்கள். மரபணுக் கணிப்பின்படி ஆண்களின் சராசரிக் குடி வாரத்துக்கு 4 கிராமிலிருந்து 256 கிராம் வரை விரிந்தது. இப்போது பக்கவாதத்தில் பள்ளமே இல்லை. அளவு கூடக் கூட இரத்த அழுத்தமும் பக்கவாதமும் ஏறிக்கொண்டே போயின. மாரடைப்பில் கூடுதல் ஆபத்தும் தெளிவாகத் தெரியவில்லை, பாதுகாப்பும் தெரியவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பெண்களை வைத்துச் செய்த சோதனை. அந்த மரபணு, குடியோடு தொடர்பில்லாத வேறு ஏதோ வழியில் இரத்த அழுத்தத்தை மாற்றுகிறதோ என்று சந்தேகம் வரலாம் அல்லவா? சீனப் பெண்களில் குடிப்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் அதே மரபணுக்கள் அவர்களிடமும் இருக்கின்றன. மரபணுவே காரணம் என்றால் பெண்களிடமும் அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆகவே ஆண்களிடம் தெரிந்தது குடியின் வேலைதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஐரோப்பிய வம்சாவளியினரிடமும் இதேபோல ஒரு மரபணுவை வைத்து, 56 ஆய்வுகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 2014-ல் ஒரு கணக்கு வந்தது. இயல்பாகவே குறைவாகக் குடிக்கும் மரபணு உள்ளவர்களுக்கு இதய நோய் சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் குடிப்பவர்களிடமும் போக்கு அப்படியே இருந்தது. கொஞ்சம் குடிப்பது காக்கிறது என்றால், கொஞ்சத்தையும் குறைத்தவர்களுக்குப் பாதுகாப்பு குறைந்திருக்க வேண்டுமே.

ரெட் ஒயினுக்கு மட்டும் உரியதாகச் சொல்லப்பட்ட காரணங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் இதயத்தைக் காக்கும் என்றார்கள். ஒரு லிட்டர் ரெட் ஒயினில் அது சில மில்லிகிராம்தான் இருக்கும். ஆய்வகங்களில் பலன் தேடியபோது கொடுத்த அளவுகள் அதைவிடப் பல மடங்கு. இத்தாலியின் கியாந்தி என்ற ஒயின் பகுதியில் 65 வயது தாண்டிய எழுநூற்றுச் சொச்சம் பேரின் சிறுநீரில் அதன் அளவைப் பார்த்து, ஒன்பது வருடம் கவனித்தார்கள். அதிகம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் இதய நோயிலோ மரணத்திலோ வித்தியாசம் இல்லை என்று 2014-ல் எழுதினார்கள். நல்ல கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எச்.டி.எல். மதுவால் கூடுகிறது என்பது உண்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எச்.டி.எல்.-ஐ நன்றாகக் கூட்டிய மாத்திரைகளிலேயே பெரும்பாலானவை மாரடைப்பைக் குறைக்கவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்தை, எடுத்துக்கொண்டவர்களிடம் மரணம் கூடியதால், 2006-ல் பாதியில் நிறுத்தினார்கள். எச்.டி.எல். கூடியது என்ற ஒன்றை வைத்து இதயம் பாதுகாப்பானது என்று இப்போது யாரும் முடிவு கட்டுவதில்லை.

பிரான்ஸ் கதையிலும் இரண்டு கேள்விகள் உண்டு. மால்கம் லா, நிக்கோலஸ் வால்ட் இருவரும் 1999-ல், பிரான்சில் இதய நோய் மரணங்கள் சான்றிதழில் குறைவாகப் பதிவாகின்றன என்றும், அங்கே கொழுப்பு நிறைந்த உணவு பெருகியதே பிந்தித்தான் என்பதால் அதன் விளைவு இன்னும் முழுதாக வரவில்லை என்றும் எழுதினார்கள். இதில் எவ்வளவு பங்கு சரி என்று இன்றும் விவாதம் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் சராசரியை இன்னொரு நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டு ஒரு பானத்தின் தலையில் புகழைக் கட்டுவது பலவீனமான சான்று என்பதில் விவாதம் இல்லை.

எதுவரை உறுதி, எங்கே சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒயின் இதயத்துக்கு விஷம் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று நான் சொன்னால் அதுவும் பொய்தான். மிகக் குறைந்த அளவில் மாரடைப்பு சற்று குறைகிறதா, மாற்றமே இல்லையா, சற்று கூடுகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. சீன ஆய்வில் பெரும்பாலானோர் குடித்தது வீரியமான சாராய வகைகள், ரெட் ஒயின் இல்லை. குறைந்த அளவில் வளைவு எப்படிப் போகிறது என்பதை மரபணு முறையால் துல்லியமாக வரைய முடியுமா என்று புள்ளியியல் வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் வலுவான சான்று இருக்கிறது. 2024 கடைசியில் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு, வாயால் சொன்ன கணக்கை நம்பாமல், திராட்சையிலிருந்து வரும் டார்டாரிக் அமிலத்தைச் சிறுநீரில் அளந்து, கொஞ்சமாக ஒயின் குடித்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது என்று சொன்னது. அளக்கும் முறை நல்ல முறைதான். ஆனால் யார் ஒயின் குடிப்பது என்பதை அங்கேயும் ஆய்வாளர்கள் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கவில்லை. அவரவர் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் மேலே சொன்ன ஓட்டை அப்படியே இருக்கிறது.

முடிவாகச் சொல்லக்கூடியது ஒரு பெரிய சோதனைதான். சில ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் ஒரு அளவு மது, மறு பாதிக்கு ஒன்றும் இல்லை என்று பல வருடம் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் அப்படி ஒன்றை ஆரம்பித்தது. மது நிறுவனங்களிடமிருந்து பணம் வாங்கும் பேச்சில் ஊழியர்கள் வரம்பு மீறினார்கள், ஆய்வின் வடிவமே நம்பகமாக இல்லை என்று 2018-ல் அவர்களே அதை மூடிவிட்டார்கள். ஆக, ஒயின் மாரடைப்பைத் தடுக்கிறது என்று ஒரு சோதனைகூட இதுவரை காட்டியதில்லை. உங்கள் அப்பா சாப்பிடும் ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படிப்பட்ட பல சோதனைகளைத் தாண்டி வந்தவை.

நம் ஆட்களைப் பற்றித் தனியாக ஒன்று. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், இந்தியா உள்ளிட்ட தெற்காசியர்களின் விவரங்களைத் தனியாக எடுத்து 2007-ல் வெளியிட்டார்கள். மற்ற நாடுகளில் மதுவுக்குத் தெரிந்த சிறு பாதுகாப்பு தெற்காசியர்களிடம் தெரியவில்லை. நம்மூரில் குடிக்கும் விதமும் பானமும் வேறு என்பது காரணமாக இருக்கலாம். உடல்வாகு காரணமா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. எப்படியிருந்தாலும், ஐரோப்பியரின் பழைய எண்ணை எடுத்து நம்மேல் ஒட்டிக்கொள்ள இடமில்லை.

இதயம் என்றால் மாரடைப்பு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மது இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு குறைந்த அளவிலேயே கூடுகிறது, பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்தக் கோளாறு உள்ள, வழக்கமாகக் குடிக்கும் 140 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை மதுவை நிறுத்தச் சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வு 2020-ல் வந்தது. ஆறு மாதத்தில், நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் கோளாறு திரும்ப வந்தது. புற்றுநோய் விஷயத்தில் வாய், உணவுக்குழாய், மார்பகம், கல்லீரல் ஆகியவற்றில் மதுவின் பங்கு நிலைநாட்டப்பட்டது. நல்லது நிச்சயமில்லை, கெட்டது நிச்சயம் என்பதால்தான் உலக இதயக் கூட்டமைப்பு 2022-ல், இதயத்துக்கு நல்ல மது அளவு என்று ஒன்று இல்லை என்று அறிக்கை விட்டது. "இல்லை" என்று அவ்வளவு அழுத்திச் சொன்னது சான்றுகளைவிட ஒரு படி முன்னால் போன பேச்சு என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் குடிக்காத ஒருவரை இதயத்துக்காக ஆரம்பிக்கச் சொல்வதில்லை என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் அப்பா. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்குள் என்றால், ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலார் போல இன்னொரு இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருப்பார். இவை இருக்கும்போது வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு, மது அதைக் கூட்டும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், மது குடித்தாலும் குடிக்காவிட்டாலும், உடனே காட்ட வேண்டும். சுகருக்கு கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், இரவில் சாப்பாடு குறைவாக இருக்கும் நாளில் மது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, உளறுவதைப் போதை என்று வீட்டில் நினைத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், மதுவோடு சேரும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழலாம்.

வீட்டு ஒயின் பற்றிக் கேட்டீர்கள். ஆய்வுகளில் ஒரு கிளாஸ் என்றால் 150 மில்லி, 12 சதவீதம், அதில் சுமார் 14 கிராம் சாராயம். நம் வீட்டு டம்ளர் 200, 250 மில்லி பிடிக்கும். 13 சதவீத ஒயினை 250 மில்லி ஊற்றினால் 25 கிராமைத் தாண்டிவிடும், பெயர் அதே "ஒரு கிளாஸ்". பரணியில் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கோதுமை, பட்டை, கிராம்பு போட்டுத் துணி கட்டி வைக்கும் ஒயினில் சதவீதம் என்ன என்று போட்டவருக்கே தெரியாது. சர்க்கரை எவ்வளவு சாராயமானது, எவ்வளவு சர்க்கரையாகவே மிஞ்சியது என்பது ஈஸ்ட்டையும் நாட்களையும் பொறுத்தது. இனிப்பாக இருக்கிறது என்றால் மிஞ்சிய சர்க்கரை நேராக சுகர் ஏற்றும், புளித்துக் காரமாக இருக்கிறது என்றால் சாராயம் கூடியிருக்கும். சுகர் உள்ளவருக்கு இரண்டுமே தொல்லை.

அதனால் கிறிஸ்மஸ் அன்று கேக்கோடு எல்லாரும் குடிக்கும்போது அவரும் ஒரு வாய் குடித்தால் அதற்காக யாரும் பதற வேண்டாம், இதய மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். கோவிலில் நற்கருணை வாங்குவதும் இந்தக் கணக்கில் வராது. தினம் இரவு மருந்து மாதிரி ஊற்றிக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். சித்தப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், அவர் தினம் குடிப்பது ஒரு கிளாஸா, அதற்கு மேலா என்று. தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால், இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், மருத்துவர் துணையோடுதான் குறைக்க வேண்டும். அப்பாவை அடுத்த முறை காட்டப் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போய், இரட்டை உறைவுத் தடுப்பு மாத்திரை இன்னும் எத்தனை மாதம், கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். எவ்வளவு, இன்னும் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.